சேலைக் கடைக் காணொளிக்கு விலைப்புள்ளி

கேள்வி: தேக்காவில் ஒரு சேலைக் கடைக்கு ஒரு நிமிடத் தீபாவளிக் காணொளி எடுத்துத் தர எவ்வளவு கேட்கலாம்?

படப்பிடிப்பு 6, படத்தொகுப்பு 10, இரண்டு சுற்றுத் திருத்தம் 4 என மொத்தம் 20 மணி நேரம்; மணிக்கு 60 வெள்ளி வைத்தால் 1,200 வெள்ளி. தகராறு பெரும்பாலும் திருத்தத்தில்தான் வருகிறது. ஆகவே கடைக்காரர், அவருடைய மகன், விளம்பரப் பொறுப்பாளர் ஆகியோரின் கருத்துகளைத் தொகுத்து ஒரே பட்டியலாக அனுப்புவதே ஒரு சுற்று என்றும், மூன்றாவதிலிருந்து சுற்றுக்கு 120 வெள்ளி என்றும் எழுதிவிடுங்கள். சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, காணொளியின் உரிமை அதை ஏற்பாடு செய்து எடுத்தவருக்கே. எனவே பயன்பாட்டைத் தனி வரியாக்கி, “கடையின் சொந்தச் சமூக ஊடகப் பக்கங்களில் 6 மாதம், 300 வெள்ளி; கட்டண விளம்பரத்துக்குத் தனிக் கட்டணம்” எனக் குறிப்பிடுங்கள். அதன்கீழ் மொத்தம் 1,500 வெள்ளி, பாதி முன்பணம், இந்த விலை 14 நாள் செல்லும் என எழுதினால் விலைப்புள்ளி தயார்.