ஓடிபி சொன்னார்கள், பெட்டியை வாங்கவில்லை

"மகன் சிங்கப்பூரிலிருந்து அவன் அம்மாவுக்கு 78,000 ரூபாய் போன் ஒன்றை ஆன்லைனில் வாங்கி அனுப்பினான். பெறுபவர் பெயரில் வீட்டில் கூப்பிடுகிற 'கலா'வைப் போட்டுவிட்டான். ஆதாரில் 'கலாவதி'. விலை அதிகமான பொருள், அடையாள அட்டையில் பெயர் ஒத்துப்போனால்தான் தருவேன் என்றார் டெலிவரி பையன். ஆதாரைப் படம் எடுத்துக்கொண்டு, 'ஓடிபி சொல்லுங்கம்மா, பெயரைத் திருத்தி நாளைக்குக் கொண்டுவருகிறேன்' என்றார். மனைவியும் சொல்லிவிட்டார். அரை மணி நேரத்தில் 'டெலிவரி ஆகிவிட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. கம்பெனியில் கேட்டால் எங்களையே திருடர்கள் மாதிரி பேசினார்கள். பத்து நாள் சண்டைக்குப் பிறகு 60,000 தருகிறோம் என்கிறார்கள். நான் விடுவதாக இல்லை. மோசடி வழக்குப் போட்டு, மன உளைச்சலுக்கு 10 லட்சம் கேட்கலாமா?"
மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

ஐயா, கம்பெனி உங்களிடம் எப்படிப் பேசியது என்பதை ஓரமாக வையுங்கள். கலாவா கலாவதியா என்பதையும் விட்டுவிடுங்கள். பெயர் சரியில்லை என்றால் பொருளைத் தராமல் திருப்பி எடுத்துப்போக அவர்களுக்கு உரிமை உண்டு. வாங்கும்போதே அந்த நிபந்தனையைச் சொல்லியிருந்தால் அதில் குறை காண முடியாது. இந்த வழக்கில் கேள்வி ஒன்றுதான். பெயர் ஒத்துப்போகவில்லை என்று சொன்ன அதே ஆள், யாரிடம் கொடுத்ததாகப் பதிவு செய்தார்?

கம்பெனி உங்களுக்கு எதிராக நீட்டப்போவது 'ஓடிபி சரிபார்க்கப்பட்டது' என்ற ஒற்றை வரியை. அது பலமான ஆதாரம்தான், உங்கள் மனைவியே சொன்னதால் மறுக்கவும் முடியாது. ஆனால் ஓடிபி சொன்னதை வைத்துப் பெட்டி கைமாறியது என்று முடிவு கட்ட முடியாது. அடையாள அட்டை பார்த்துத்தான் கொடுப்போம் என்று விதி வைத்தவர்கள், எந்த அட்டையை, எந்தப் பெயரில் பார்த்தோம், யார் கையில் கொடுத்தோம் என்பதையும் காட்ட வேண்டும். அவர்களுடைய அட்டைப் பதிவில் 'கலாவதி' என்று இருந்தால், பெயர் பொருந்தாதபோதே கொடுத்துவிட்டதாக அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். காலியாக இருந்தால், சோதனையே செய்யாமல் 'டெலிவரி' போட்டிருக்கிறார்கள். இரண்டில் எதுவானாலும் சொந்த விதியை மீறிய சேவைக் குறைபாடு என்று நாம் வாதாட இடம் இருக்கிறது.

ஆகவே முதல் வேலையாக விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி அவர் 48 மணி நேரத்தில் புகார் வந்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அடையாள அட்டைப் பதிவு, ஒப்படைத்தபோது எடுத்த படம், அந்த நிமிடம் டெலிவரி ஆள் கையிலிருந்த கருவி காட்டிய இடம், நேரம் எல்லாவற்றையும் கேளுங்கள், அழிக்காமல் வைக்கவும் சொல்லுங்கள். உங்கள் பக்கம் செய்ய வேண்டியது ஒன்று. ஓடிபி வந்த குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். சில கூரியர்கள் பொருளைத் திருப்பி எடுத்துப்போகவும் ஓடிபி கேட்பார்கள், அதனால் அந்தச் செய்தியிலேயே அது எதற்கு என்று ஒரு வரி இருக்கும். 'ரத்து செய்ய' என்று இருந்தால் உங்கள் வழக்கு பாதி முடிந்தது. 'பெற்றுக்கொள்ள' என்று இருந்தால், ஆள் பெட்டியோடு திரும்பிப் போனதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். எதிர்வீட்டிலோ தெருமுனைக் கடையிலோ கேமரா இருந்தால் இன்றைக்கே ஓடுங்கள். பழைய பதிவின் மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும், பத்து நாள் ஏற்கெனவே போய்விட்டது. திண்ணையில் இருந்து பார்த்தவர் யாராவது இருந்தால் அவருடைய பிரமாணப் பத்திரம் வேண்டும். நுகர்வோர் ஆணையம் பிரமாணப் பத்திரத்தையும் ஆவணங்களையும் வைத்துத்தான் தீர்ப்புச் சொல்லும். நேரில் வந்து அழுதால் கேட்கும் இடம் அது இல்லை.

இப்போது உங்கள் 'மோசடி' விஷயத்துக்கு வருகிறேன். நல்ல வழக்குகள் இங்கேதான் கவிழ்கின்றன. கோபத்தில் புகார் மனு முழுக்க 'ஏமாற்றினார்கள், கூட்டுச் சதி, திருடினார்கள்' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அதையே எடுத்து, "இது குற்றவியல் விவகாரம், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யாமல் முடிவெடுக்க முடியாது" என்பார். நம் கும்பகோணத்தில் தலைமையகம் கொண்ட சிட்டி யூனியன் வங்கி வழக்கில், உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்னதும் இதுவே. நுகர்வோர் ஆணையத்தின் விசாரணை சுருக்கமானது, மோசடி போன்ற குற்றம் சம்பந்தப்பட்ட புகார்களையும், உண்மைகள் கடுமையாக மறுக்கப்படும் புகார்களையும் அங்கே தீர்க்க முடியாது. அந்தத் தீர்ப்பைக் காட்டி உங்களைச் சிவில் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டால், ஒரு போனுக்காக எத்தனை வருஷம் அலைவீர்கள்? ஆணையத்துக்கு எழுதும் மனுவில் அந்தச் சொற்களே வேண்டாம். பணம் வாங்கினார்கள், பொருள் வரவில்லை, அட்டை விதியை அவர்களே மீறினார்கள், அவ்வளவு போதும்.

போலீஸ் புகார் தனி. உள்ளூர் ஸ்டேஷனில் டெலிவரி ஆள் மேல் மட்டும், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். பில்லில் ஐ.எம்.இ.ஐ. எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புகாரில் எழுதுங்கள். அந்தப் போனில் யாராவது சிம் போட்டால் போலீஸால் கண்டுபிடிக்க முடியும். அது வேறொருவர் கையில் ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால், ஓடிபியை வைத்துக் கம்பெனி பேச ஒன்றும் இருக்காது.

இன்னொரு பள்ளம், யார் பெயரில் வழக்கு என்பது. ஐயா, நீங்கள் வாங்கவும் இல்லை, உங்களுக்காக வரவும் இல்லை. உங்கள் பெயரில் போட்டால் 'இவர் நுகர்வோரே அல்ல' என்பதுதான் அவர்களுடைய முதல் ஆட்சேபமாக இருக்கும். பணம் கட்டியவர் மகன். அவர் சம்மதத்தோடு பயன்படுத்த இருந்தவர் உங்கள் மனைவி, அவரையும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோர் வரையறைக்குள் வைக்கிறது. இருவரும் சேர்ந்து திருவாரூர் ஆணையத்தில் போடட்டும். மகனுடைய பிரமாணப் பத்திரத்துக்கு சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்க வேண்டியிருக்கும். விற்றவர், தளம், கூரியர் மூவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். கூரியரை விட்டுவிட்டால், அட்டைப் பதிவு யாரிடம் இருக்கிறதோ அவரையே வெளியே நிறுத்தியதாகிவிடும்.

பத்து லட்சம் கேட்காதீர்கள். 78,000 ரூபாய் பொருளுக்கு யாரும் அதைத் தர மாட்டார்கள். கேட்டால் மனுவின் மேல் இருக்கிற நம்பிக்கைதான் குறையும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்று வெளிப்படையாகச் சொல்கிறேன், சமாதானம் ஆகிவிடுங்கள். ஓடிபி சொன்ன வழக்கில் எதிர்த்தரப்பு 60,000 வரை இறங்கி வந்திருக்கிறது என்றால், பதிவில் ஏதோ ஓட்டை இருப்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கலாம். அட்டைப் பதிவைக் கேட்டு எழுதியதோடு, 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிட்டு அங்கேயும் பதிவு செய்துவிட்டு முழு விலையைக் கேளுங்கள். 70,000-க்கு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது, நடைமுறையில் வருஷக்கணக்கில் இழுக்கும். குறுஞ்செய்தியில் 'பெற்றுக்கொள்ள' என்று இருந்து, கேமராவும் சாட்சியும் கிடைக்கவில்லை என்றால், 60,000-ஐயே வாங்கிவிடுங்கள்.

வாங்கும்போது பணம் மகன் கட்டிய கார்டுக்கே திரும்ப வர வேண்டும், தளத்தின் வாலட் புள்ளிகளாக ஏற்காதீர்கள். 'முழுமையான இறுதித் தீர்வு' என்று கையெழுத்துக் கேட்பார்கள். போட்டால் பிறகு வழக்குக் கிடையாது, அது தெரிந்தே போடுங்கள். பணம் கணக்கில் ஏறுவதற்கு முன்னால் போடாதீர்கள். போலீஸ் புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். மனைவியின் ஆதார் படம் இன்னும் அந்த ஆளின் போனில் இருக்கிறது, நாளைக்கு அதை வைத்து யாராவது சிம் வாங்கினால் அந்த சி.எஸ்.ஆர். ரசீதுதான் உங்களைக் காப்பாற்றும்.