சேர்வர் விழுந்த செய்தியில் எதைத் திருத்துவது?

*"எங்கள் மொத்த விற்பனை நிறுவனத்துக்கு மட்டக்களப்பில் தலைமை அலுவலகம். களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்றில் கிளைகள். சேர்வர் விழுந்தால் ஐடி தம்பி வட்ஸ்அப் குரூப்பில் போடுமுன் செய்தியை என்னிடம் காட்டுவார். எல்லாம் பாதிப் பாதி வாக்கியம். நான் முழுதாக்கினால் 'அக்கா, கட்டுரை எழுதாதீங்க, நேரம் போகுது' என்கிறார். கடைசியாக எழுதியது இது: 'சேர்வர் டவுன். 10.20 இலிருந்து. பில் போட வேண்டாம். போட்டது திரும்பப் போடவும். ரீஸ்டார்ட் பண்ண வேண்டாம். மதியத்துக்குள் வரும். பிரச்சினை என்றால் அழைக்கவும்.' இதில் எதைத் திருத்த வேண்டும், எதை விடலாம்?" — ஒரு வாசகி, மட்டக்களப்பு*

தம்பி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. "சேர்வர் டவுன்" என்பதில் வினைச்சொல் இல்லை, ஆனாலும் குறை இல்லை. "இது கடை", "அவர் முகாமையாளர்" என்று வினை இல்லாமலே தமிழில் வாக்கியம் முடியும். "10.20 இலிருந்து" என்ற துண்டும் முந்திய வரியோடு சேர்ந்து புரிந்துவிடுகிறது. "நாங்கள்", "நீங்கள்" விடுபட்டதையும் தேட வேண்டாம். "போடவும்" என்றாலே யாருக்குச் சொல்கிறது என்று தெரியும். ஒற்று விடுபட்டிருந்தாலும் அந்த நேரத்தில் கை வைக்க வேண்டாம்.

ஒவ்வொரு வரியிலும் ஒன்றை மட்டும் கேளுங்கள்: அக்கரைப்பற்றுக் கவுன்டரில் நிற்கும் பிள்ளை இதை இரண்டு விதமாக எடுத்து, இரண்டு வேறு வேலை செய்ய முடியுமா? முடியும் என்றால் அங்கே ஒரு சொல் விடுபட்டிருக்கிறது.

உங்கள் செய்தியில் மிக ஆபத்தான வரி "போட்டது திரும்பப் போடவும்". "பில் போட வேண்டாம்" என்பதில் "பில்லை" என்று ஐ உருபு தேவையில்லை, ஏனென்றால் அது எந்த பில்லையும் குறிக்கும். "போட்டது" அப்படியல்ல. ஏற்கெனவே போட்ட குறிப்பிட்ட பில்களைச் சொல்கிறது, அதனால் "போட்டதை" என்று வர வேண்டும். ஆனால் உருபைச் சேர்த்துவிட்டு நிறுத்தினால் வேலை முடியவில்லை. போட்டதில் எதை? காலையில் கடை திறந்ததிலிருந்து போட்ட எல்லாவற்றையுமா, 10.20க்குப் பாதியில் நின்றதை மட்டுமா? எப்போது போடுவது, இப்போதா, சேர்வர் வந்த பிறகா? ஒரு கிளை காலை பில்கள் எல்லாவற்றையும் திரும்பப் போட்டால் ஒரே சரக்கு இருப்பில் இரண்டு தடவை கழியும், கடன் வாடிக்கையாளரின் கணக்கில் இரண்டு தடவை ஏறும். அதை அவிழ்க்க மாத முடிவில் நீங்கள்தான் உட்கார வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில் நீங்களாக ஊகித்து நிரப்பக் கூடாது. எது சேமிக்கப்பட்டது என்பது தம்பிக்குத்தான் தெரியும். அவரிடம் கேளுங்கள். பில் எண் விழுந்தவை எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, எண் விழாமல் திரையில் நின்றவைதான் போயிருக்கும் என்று அவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அப்போது வரி தலைகீழாக மாறும்: எண் விழுந்ததைத் திரும்பப் போட வேண்டாம்.

"பில் போட வேண்டாம்" என்பதிலும் ஒரு சொல் போயிருக்கிறது. கணினியில் போட வேண்டாமா, விற்பனையே வேண்டாமா? ஒரு கிளை பில் புத்தகத்தை எடுத்து எழுதும், இன்னொரு கிளை வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும். "ரீஸ்டார்ட்" வரியிலும் எதை என்பது இல்லை. கிளையில் உள்ளவருக்கு ரௌட்டரும் கண்ணில் படும், கணினியும் படும்.

"மதியத்துக்குள் வரும்" என்பதை நான் அப்படியே அனுப்ப விடமாட்டேன். வெள்ளிக்கிழமை என்றால் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் ஜும்ஆவுக்குக் கடை பூட்டுவார்கள். மதியம் என்பது அவர்களுக்குப் பூட்டுமுன்னா, திறந்த பின்னா? மணி எழுதுங்கள். அதைவிட, எது பழுது என்றே இன்னும் தெரியாதபோது "வரும்" என்பது வாக்குறுதி ஆகிவிடும். சரியாகும் நேரம் தெரியாவிட்டால் அடுத்த தகவல் வரும் நேரத்தைச் சொல்லலாம், அது நம் கையில் இருக்கிறது. "11.15க்கு" என்றும் "11.15க்குள்" என்றும் எழுதுவது ஒன்றல்ல, இதையும் தம்பியிடம் கேட்டே எழுதுங்கள்.

கடைசி வரியில் யாரை அழைப்பது என்பது இல்லை. குரூப்பில் அனுப்பியவர் பெயர் மேலே தெரியுமே என்பார். கிளை முகாமையாளர் அதைத் தன் ஊழியர் குரூப்புக்கு ஃபோர்வர்ட் செய்தால் முதலில் எழுதியவர் பெயர் அங்கே வராது, முதலில் அனுப்பிய நேரமும் வராது. பெயரும் கிழமையும் செய்திக்குள்ளேயே இருக்க வேண்டும். இப்படி முடிப்பேன்:

> பில்லிங் சேர்வர் டவுன். வெள்ளி காலை 10.20 முதல், எல்லாக் கிளைகளிலும்.
> கணினியில் பில் போட வேண்டாம். பில் புத்தகத்தில் கையால் எழுதவும்.
> எண் விழுந்த பில்களைத் திரும்பப் போட வேண்டாம். எண் விழாதவற்றை மட்டும், சேர்வர் வந்ததும் நாங்கள் சொன்ன பிறகு போடவும்.
> கணினியையோ ரௌட்டரையோ ரீஸ்டார்ட் பண்ண வேண்டாம்.
> எப்போது சரியாகும் என்று இன்னும் தெரியாது. அடுத்த செய்தி 11.15க்கு.
> அழைக்க: (தம்பியின் பெயர்), தலைமை அலுவலகம்.

"டவுன்", "பண்ண" இரண்டையும் நான் தொடவில்லை, எல்லோருக்கும் புரிகிறது. "பில்லிங்" மட்டும் முன்னால் சேர்த்தேன். பூட்டிய போனின் திரையில் முதல் வரிதான் முதலில் தெரியும், எந்த சேர்வர் என்று அங்கேயே தெரிய வேண்டும்.

அனுப்புமுன் "வேண்டும்", "வேண்டாம்" வரும் இடங்களை மட்டும் ஒரு தடவை வாய்விட்டு வாசியுங்கள். அவசரத்தில் கீபோர்ட் காட்டும் சொல்லைத் தட்டும்போது ஒன்று மற்றதாகிவிடும். இரண்டுமே சரியான சொல் என்பதால் பிழை என்று கண்ணில் படாது, ஆனால் கட்டளை நேர் எதிராகிவிடும்.

அனுப்பிய பிறகு பிழை தெரிந்தால், வட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் செய்தியை மாற்றலாம். எழுத்துப் பிழைக்கு அது போதும். கட்டளையை மாற்ற அதைப் பயன்படுத்த வேண்டாம். மாற்றியதற்குப் புதிய அறிவிப்பு யாருக்கும் போகாது, முதலில் வாசித்தவர் பழையதையே செய்துகொண்டிருப்பார். "திருத்தம்:" என்று தொடங்கிப் புதிய செய்தி போடுங்கள், எந்த வரி மாறியது என்பதையும் அதில் சொல்லுங்கள்.

அப்புறம் சேர்வர் வந்ததும் "ஓகே, வந்துட்டு" என்று மட்டும் போடுவார்கள். அதையும் வாங்கிப் பாருங்கள். கையால் எழுதிய பில்களை யார் ஏற்றுவது, எந்தத் தேதியில் ஏற்றுவது, புத்தக எண்ணை எங்கே குறிப்பது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.