ஹாஸ்டல் அறையைக் காலி செய்யும்போது: சாவி, மெத்தை, இரவல் சாமான் – கேள்வி பதில்

இறுதியாண்டு மாணவர்: அக்கா, எனக்கு ஞாயிறு விடியற்காலை பஸ். ஆபீஸ் சனி மதியத்தோட மூடிடும். சாவியை வாசல் செக்யூரிட்டி அண்ணன்கிட்ட குடுத்துட்டுப் போயிடலாமா?

கொடுக்கலாம், ஆனால் சாவி ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். அறைப் பதிவேட்டை நான் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் வருடக் கடைசியில் வரும் தகராறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மாணவர் "கொடுத்துவிட்டேன்" என்பார், ஆபீஸ் "வரவில்லை" என்னும், இரண்டு பேரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். சாவி யாருடைய மேஜை டிராயரிலோ கிடக்கும். உங்கள் பெயருக்கு நேரே சாவி எழுதியிருப்பது ஆபீஸ் பதிவேட்டில், அங்கே அந்த வரியை முடித்துக் கையெழுத்துப் போடும் வரை சாவி உங்களிடம் இருப்பதாகத்தான் கணக்கு.

அதனால் ஞாயிறிலிருந்து பின்னோக்கி வாருங்கள். புதன்கிழமையே ஆபீசுக்குப் போய் ஞாயிறு காலை கிளம்புவதைச் சொல்லி, அறையைச் சோதிக்க சனிக்கிழமை காலை நேரம் வாங்கிவிடுங்கள். கடைசி வாரத்தில் எல்லாரும் ஒன்றாக வந்து நிற்பார்கள், அப்போது நேரம் கிடைக்காது. வெள்ளிக்கிழமைக்குள் போர்வை, விரிப்பு, தலையணை உறை துவைத்துக் காய்ந்திருக்க வேண்டும். சனிக்கிழமை சோதிக்க வருபவரோடு நீங்களும் அறையில் நின்று, கட்டில், மேஜை, நாற்காலி, அலமாரி, ஃபேன் ரெகுலேட்டர், ட்யூப்லைட் எல்லாவற்றையும் அவர் பார்த்த பிறகு படிவத்தில் "சாவி மட்டும் பாக்கி" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். சனி இரவு உங்கள் சொந்த விரிப்பில் படுத்துக்கொள்ளலாம்.

ஞாயிறு காலை சாவியை ஒரு கவரில் போட்டு ஒட்டி, மேலே பெயர், அறை எண், சாவி வளையத்தில் இருக்கும் எண், உங்கள் போன் நம்பர் எழுதுங்கள். செக்யூரிட்டி நோட்டில் நேரத்தோடு ஒரு வரி எழுதி, வாங்கிக்கொண்டவர் கையெழுத்தோடு அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அந்தப் போட்டோவை ஆபீசுக்கு அனுப்பி, "என் பெயரில் இருந்த சாவி வரவு வைக்கப்பட்டதா?" என்று கேளுங்கள். அதற்கு "ஆமாம்" என்று எழுத்தில் பதில் வர வேண்டும், அது வந்தால்தான் வேலை முடிந்தது.

இன்னொருவர்: இவ்வளவு எதுக்கு? காலி அறையை நாலு பக்கமும் வீடியோ எடுத்து வெச்சா போதாதா? நான் போன வருஷம் அப்படித்தான் செஞ்சேன், டெபாசிட் முழுசா வந்துச்சு.

பாதி சரி. வீடியோ கட்டாயம் எடுங்கள், அலமாரியைத் திறந்து உள்ளேயும், கட்டிலுக்கு அடியிலும், சுவரில் டேப் ஒட்டிய இடங்களையும், ஸ்விட்ச் போர்டையும் சேர்த்து எடுங்கள். நீங்கள் போன பிறகு யாராவது உள்ளே வந்து எதையாவது உடைத்தால் அது உங்களுக்குத் துணை நிற்கும். ஆனால் அறை நல்ல நிலையில் இருந்தது என்பதைத்தான் வீடியோ காட்டும். சாவி திரும்ப வந்தது, போர்வை இரண்டும் வந்தன என்று அது காட்டாது, அதற்குப் பதிவேட்டில் கையெழுத்துதான் வேண்டும்.

மூன்று பேர் அறையிலிருந்து: என் ரூம்மேட் ரெண்டு பேரும் போன வாரமே போயிட்டாங்க. ஒருத்தன் அவன் சாவியை என்கிட்ட குடுத்துட்டுப் போனான். நாற்காலில ஒண்ணு கால் ஆடுது, அது யாருதுன்னே தெரியல. இப்ப எல்லாம் என் தலையிலயா?

முதலில் அந்தச் சாவி. உங்கள் சாவியோடு சேர்த்து நீட்டாதீர்கள், "இரண்டு சாவி வந்தது" என்று உங்கள் பெயரில் மட்டும் எழுதிவிட்டால் அவர் கணக்கு திறந்தே கிடக்கும். "இது இன்னாருடைய சாவி, அவருக்காகக் கொடுக்கிறேன்" என்று சொல்லி அவர் வரியில் எழுத வையுங்கள். அதற்கு முன் அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, சில ஆபீசில் அது இல்லாமல் அடுத்தவர் சாவியை வாங்க மாட்டார்கள்.

அடுத்து நாற்காலி. அதன் அடியிலோ முதுகுக்குப் பின்னாலோ பெயிண்டில் எண் எழுதியிருக்கும், திருப்பிப் பாருங்கள். நீங்கள் சேரும்போது கையெழுத்துப் போட்ட சாமான் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே ஒரு எண் இருக்கும், இரண்டையும் ஒப்பிடுங்கள். உதாரணமாக உங்கள் பட்டியலில் 118 என்றும் கால் ஆடும் நாற்காலியில் 214 என்றும் இருந்து, ரூம்மேட் இருவர் பட்டியலிலும் 214 இல்லாவிட்டால் அது இந்த அறையுடையதே இல்லை. தேர்வு சமயத்தில் சேர்ந்து படிக்க நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போவார்கள், திரும்பும்போது கைக்கு வந்ததைத் தூக்கி வருவார்கள், 118 இப்போது வேறு யாரோ அறையில் இருக்கும். ஆட்கள் இருக்கும்போதே அதைத் தேடி மாற்றிவிடுங்கள். பாதிப் பேர் பூட்டிக்கொண்டு போன பிறகு, தேட நினைத்தாலும் பூட்டிய கதவுதான் இருக்கும்.

எண் அறையுடையதாகவே இருந்து, யார் உடைத்தது என்று தெரியாவிட்டால் பல இடங்களில் மூவருக்கும் சமமாகப் பிரித்துவிடுவார்கள். அது நியாயமா என்று கேட்டால், முன்னே போனவர் அறையைச் சோதித்துக் கையெழுத்து வாங்கிவிட்டுப் போயிருந்தால் அவரைச் சேர்க்கக் கூடாது என்பதுதான் என் கருத்து. எல்லா வார்டனும் இதை ஒப்புக்கொள்வதில்லை. எழுதிக் கேட்டுப் பாருங்கள், உறுதி சொல்ல முடியாது.

முதலாண்டு மாணவி: அக்கா, அறைச் சாவி தொலைஞ்சு போச்சு. தோழியோட சாவியை வெச்சு வெளியில ஒரு டூப்ளிகேட் போட்டுட்டேன், பூட்டு நல்லா திறக்குது. அதையே குடுத்துடலாம்தானே?

வேண்டாம் அம்மா. அசல் சாவியின் தலையில் எண் பொறித்திருந்தால் டூப்ளிகேட்டில் அது இருக்காது, கையில் வாங்கியதுமே தெரிந்துவிடும். அதைவிட முக்கியமானது, தொலைந்த சாவி எங்கோ வெளியில் இருக்கிறது, அடுத்த வருடம் அந்த அறைக்கு வரும் பெண்ணின் கதவை அது திறக்கும். அதனால்தான் தொலைந்தது என்று தெரிந்தால் ஆபீஸ் ஒரு சாவிக்கு மட்டும் பணம் பிடிக்காமல் பூட்டையே மாற்றி, எல்லாச் சாவிகளுக்கும் சேர்த்துப் பிடிப்பதுண்டு. இன்றே போய்ச் சொல்லுங்கள், கிளம்பும் நாளன்று சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். அறையைக் கூட்டித் துடைக்கும்போது கிடைத்த சாவிகள் பல நேரம் செக்யூரிட்டியிடமோ துப்புரவு அம்மாவிடமோ இருக்கும், அங்கேயும் கேளுங்கள். டூப்ளிகேட்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், அது உங்கள் பையில் இருக்கக் கூடாது.

வெளியூர் மாணவர்: எங்க ஹாஸ்டல்ல பூட்டு நம்மளோடது. அப்ப சாவி குடுக்கிற வேலையே இல்லையே?

அறைக் கதவுக்கு இல்லை. அலமாரிக்கும் மேஜை டிராயருக்கும் கொடுத்திருந்தார்களா, பட்டியலைப் பாருங்கள், இந்தச் சின்னச் சாவிகள்தான் அதிகம் மறந்துபோகும். உங்கள் பூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள். பூட்டியபடி விட்டுவிட்டால் உள்ளே ஆள் இருப்பதாகவே எண்ணுவார்கள், அப்புறம் பூட்டை உடைத்தால் அந்தச் செலவும் உங்கள் கணக்கில் போகும்.

விடுதி மாணவி: மெத்தையைத் துவைச்சுத்தான் குடுக்கணுமா? என் மெத்தைல ஓரமா கறை இருக்கு, போர்வையும் ஒரு மாதிரி வாடை வருது.

மெத்தையைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது. உள்ளே இருக்கும் பஞ்சு நாள் கணக்கில் காயாது, வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், பூட்டிய அறையில் கிடந்து பூஞ்சை பிடிக்கும். தூசியைத் தட்டி, நல்ல வெயிலில் இரண்டு பக்கமும் திருப்பிப் போடுங்கள். கறை இருக்கும் இடத்தை மட்டும் நன்றாகப் பிழிந்த ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். ரத்தக்கறை என்றால் குளிர்ந்த தண்ணீர்தான், சுடுதண்ணீர் பட்டால் கறை இறுகிவிடும். போகாத பழைய கறையை மறைக்க மெத்தையைத் திருப்பிப் போட்டு வைக்காதீர்கள், சோதிப்பவர் முதலில் புரட்டித்தான் பார்ப்பார்.

போர்வையைக் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே துவைத்துவிடுங்கள். மடிக்கும் முன் தையல் ஓரத்தையும் தடித்த விளிம்பையும் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரத்தோடு மடித்துக் கொடுத்தால் கரும்புள்ளி விழும், அந்தப் புள்ளி துவைத்தாலும் முழுதாகப் போகாது.

அதே மாணவி: மெத்தைத் தையல்ல கறுப்பா புள்ளி புள்ளியா இருக்கு, அதுவும் பூஞ்சையா?

அது வேறாக இருக்கலாம், கவனமாகப் பாருங்கள். தையல் மடிப்பை விரித்தால் பேனா மை தெறித்த மாதிரி வரிசையாகப் புள்ளிகளும், வெளிறிய சின்னத் தோல்களும் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. காலையில் கையில் கடித்த தடிப்பு இருந்தால் சந்தேகம் கூடும். ஆபீசில் சொல்லிவிடுங்கள், மறைத்துக் கொடுத்தால் ஸ்டோர் ரூமில் அடுக்கியிருக்கும் மற்ற மெத்தைகளுக்கும் பரவிவிடும். பூச்சி வந்ததற்கு உங்கள்மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது, அது யார் பையிலும் வரும். உங்கள் துணிகளைத் துணி தாங்கும் அளவுக்குச் சூடான தண்ணீரில், முடிந்தால் 60 டிகிரியில் துவையுங்கள், பையை மெத்தைமேல் வைத்து அடுக்காதீர்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கும் கொண்டுபோய்விடுவீர்கள்.

இரண்டாமாண்டு மாணவர்: லைப்ரரி புக்கை ஜூனியர்கிட்ட குடுத்து திருப்பிக் குடுக்கச் சொல்லிட்டேன். விளையாட்டு அறையிலிருந்து எடுத்த பேட்டும் அவன்கிட்டதான். அப்ப நோ டியூஸ் வாங்கிடலாமா?

இப்போதே வாங்க முயலாதீர்கள், இரண்டுமே இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கின்றன. ஜூனியர் நல்ல பையனாகவே இருந்தாலும் அவருக்கும் தேர்வு, அவருக்கும் ஊர் போகும் அவசரம். புத்தகத்தை நீங்களே கவுண்டரில் கொடுத்து, அங்கேயே நின்று உங்கள் கணக்கில் பாக்கி இல்லை என்று திரையில் பாருங்கள். வெளியே இருக்கும் பெட்டியில் போட்டால் மறுநாள்தான் எடுத்துப் பதிவார்கள், அதற்குள் அபராதம் ஏறியிருக்கும். பேட் விஷயத்தில், அடுத்த வருடமும் அந்த ஜூனியர் விளையாடுவார் என்றால், இருவரும் சேர்ந்து போய் உங்கள் பெயரை அடித்து அவர் பெயரில் மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

லேப் கோட், அயர்ன் பாக்ஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாதிரி எந்த நோட்டிலும் எழுதாமல் பக்கத்து அறையில் கேட்டு வாங்கியவைதான் கடைசியில் உங்கள் பெட்டிக்குள் போய்விடும். ஒரு வாரம் முன்னே அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்து, உங்களுடையது இல்லாததை எல்லாம் கட்டில்மேல் எடுத்து வைத்து, உரியவர் ஊருக்குப் போகும் முன் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். யாருடையது என்றே தெரியாத பொருளை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், போட்டோ எடுத்து ஹாஸ்டல் குரூப்பில் போட்டுக் கேளுங்கள், பதில் வராவிட்டால் ஆபீசில் ஒப்படையுங்கள்.