காலில் ரத்த உறைவு: மாத்திரை எத்தனை நாள்?

"அம்மாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம் இடது கால் வீங்கி, ஸ்கேனில் ரத்த உறைவு என்றார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை ஆயுள் முழுக்கவா?"

பெரும்பாலும் 3 மாதம் போதும். உறைவு ஏன் வந்தது என்பதுதான் இதைத் தீர்மானிக்கும். அம்மாவுக்குக் காரணம் ஆபரேஷனும் படுக்கையும். இரண்டும் தற்காலிகமானவை என்பதால் மறுபடி வரும் வாய்ப்பு குறைவு. காரணமே தெரியாமல் வந்திருந்தாலோ புற்றுநோய் இருந்தாலோ, 3 மாதத்துக்குப் பிறகும் தொடர்வதைப் பற்றி, ரத்தக்கசிவு அபாயத்தையும் எடைபோட்டு டாக்டர் பேசுவார்.

உறைவு இருக்குமா என்று பார்க்க, முழங்காலுக்குக் கீழே துருத்தும் எலும்பிலிருந்து 10 செ.மீ. இறங்கி இரண்டு கெண்டைக்காலையும் டேப்பால் அளப்பார்கள். ஒன்று 38, மற்றது 34 என்றால் சந்தேகம் வலுக்கும், 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தாலே கணக்கில் சேரும். ஆனால் ஆபரேஷன் செய்த கால் எப்படியும் வீங்கும், அதனால் அளவை மட்டும் நம்ப முடியாது, ஸ்கேன்தான் முடிவு சொல்லும். ஸ்கேன் கருவியால் அழுத்தினால் நல்ல சிரை தட்டையாக ஒட்டிக்கொள்ளும், உறைவு இருந்தால் ஒட்டாது.

அப்புறம், வீக்கம் வடிந்ததென்று மாத்திரையை நடுவில் நிறுத்திவிடாதீர்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.