சுத்தப் பட்டா என்று கேட்டால் கடைப் பெண் என்ன சொல்ல வேண்டும்?

"கும்பகோணத்தில் சின்ன ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். பட்டுப் பிரிவில் நான்கு பெண்கள். 'இது சுத்தப் பட்டா?' என்று யார் கேட்டாலும், எந்தப் புடவைக்கும் 'ஆமாம்மா' என்றுதான் சொல்கிறார்கள். போன மாதம் ஒரு அம்மா புடவையோடு திரும்பி வந்து சண்டை போட்டார். பெரிய பயிற்சிக்கெல்லாம் வசதியில்லை. எதிலிருந்து தொடங்குவது?"

நூலை எரித்துப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். கடை திறப்பதற்கு முன், துணிகளுக்குத் தள்ளி, ஒரு எவர்சில்வர் தட்டும் தீப்பெட்டியும் போதும். நீங்கள் செய்து காட்ட வேண்டாம், அந்தப் பெண்களே செய்யட்டும்.

ஒரு புடவையின் உள்தலைப்பு ஓரத்தில் ஜரிகை படாத இடமாகப் பார்த்து, நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒன்றையும் குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்றையும் உருவி, தனித்தனியாகக் கொளுத்த வேண்டும். பட்டு என்றால் முடி கருகுகிற வாடை வரும், சாம்பல் விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் மணி மாதிரி கெட்டியாக நிற்கும். விஸ்கோஸ் காகிதம் எரிகிற வாடையில் எரிந்துபோகும்.

இரண்டு நூலையும் ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், ஏமாற்று நடப்பதே ஊடையில்தான். நான் பயிற்சி கொடுத்த ஒரு கடையில் ₹6,800 விலை போட்ட புடவை ஒன்றை எடுத்தோம். பாவு பொடியானது, ஊடை மணியானது. அதுவரை அந்தப் பெண்கள் அதைப் பட்டென்று நம்பியே விற்றிருந்தார்கள். கொள்முதல் பில்லைப் பார்த்தால் 'சில்க் சாரி' என்று மட்டும் இருந்தது. முதலாளி ஏஜென்டுக்குப் போன் போட்டார். "செமி சில்க்னு வாய்ல சொன்னேனே" என்றார் அவர்.

இந்த ஏஜென்டுகள் விஷயத்தில் தயவுசெய்து கறாராக இருங்கள். செமி சில்க், ஆர்ட் சில்க், ஏதேதோ சில்க் என்று அவர்கள் சொல்லும் பெயர்களில் பட்டு நூல் இருக்கும் என்று நம்பாதீர்கள். ஆர்ட் சில்க் என்றாலே செயற்கை இழைதான், கலை வேலைப்பாடு என்று அர்த்தமில்லை. பாவு என்ன, ஊடை என்ன, ஜரிகை என்ன, மூன்றையும் பில்லில் எழுதித் தராத சரக்கை இறக்காதீர்கள். உங்களுக்கே தெரியாததை உங்கள் ஊழியர் எப்படிச் சொல்வார்?

அடுத்து ஜரிகை. இங்கேதான் படித்த வாடிக்கையாளரும் தடுமாறுகிறார். மத்திய பட்டு வாரியத்தின் சில்க் மார்க் முத்திரை இருந்தால் எல்லாமே அசல் என்று நினைக்கிறார், கடைப் பெண்ணும் தலையாட்டுகிறார். அந்த முத்திரை பட்டு நூலுக்கு மட்டும்தான். அதே புடவையில் வெள்ளியும் தங்கமும் சேர்ந்த ஜரிகையும் இருக்கலாம், செம்புக் கம்பி சுற்றிய டெஸ்டட் ஜரிகையும் இருக்கலாம், பிளாஸ்டிக் ஜரிகையும் இருக்கலாம். முத்திரை இவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாது. முத்திரையைக் காட்டி ஜரிகையையும் அசல் என்றால், தெரியாமல் சொன்னாலும் அது பொய்தான். தங்க நகைக்கு ஹால்மார்க்கைக் கட்டாயமாக்கியவர்கள், கல்யாணத்துக்குக் கடன் வாங்கிப் புடவை எடுக்கும் குடும்பத்துக்காக ஜரிகைக்கும் அப்படி ஒன்றைக் கொண்டுவரக் கூடாதா? இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். வாடிக்கையாளர் கடைசியில் சண்டை போடுவது கடைப் பெண்ணிடம்தான்.

அதனால் ஜரிகைக்குச் சொல்ல வேண்டியதை வார்த்தையாகவே பழக்குங்கள். "புடவை நூல் பட்டும்மா. ஜரிகை டெஸ்டட், இது வெள்ளி ஜரிகை கிடையாது. நாளானால் கறுக்கலாம். பழைய ஜரிகைக்கு எடுப்பவர்கள் இதற்குப் பெரிதாகப் பணம் தர மாட்டார்கள். வெள்ளி ஜரிகை வேண்டுமென்றால் அந்த அடுக்கில் இருக்கிறது, விலை கூடும்." நான்கைந்து முறை ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்தால் நாக்கில் நின்றுவிடும். இப்படிக் கேட்டவர் அந்த டெஸ்டட் புடவையையே மனசறிந்து எடுத்துப் போனதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு விலை வரிசைக்கும் ஒரு நோட்டுப் பக்கம் ஒதுக்கி, உருவிய நூலை ஒட்டி, பக்கத்தில் பாவு, ஊடை, ஜரிகை என்று அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். நாளுக்கு ஒரு வரிசை, பதினைந்து நிமிஷம். புதுச் சரக்கு இறங்கினால் புதுப் பக்கம். பக்கம் எழுதாத புடவையைப் பற்றிக் கேட்டால் "இதை நான் இன்னும் பார்க்கலைம்மா, கேட்டுச் சொல்கிறேன்" என்று உங்களிடம் வரட்டும். அப்போது முகத்தைச் சுளிக்காதீர்கள், அடுத்த முறை பழையபடி 'ஆமாம்மா' வந்துவிடும்.

ஒன்று கேட்கிறேன். தேங்கிய சரக்கை விற்றால் புடவைக்கு இவ்வளவு என்று தனியாக இன்சென்டிவ் கொடுக்கிறீர்களா? கொடுத்தால் அதை முதலில் நிறுத்துங்கள். பாலியஸ்டர் ஊடைப் புடவைக்கு நூறு ரூபாய் கூடக் கிடைக்கும்போது, அந்த நோட்டை யாரும் திறக்க மாட்டார்கள்.