அறுபது படங்கள் இருக்கின்றன, ஆனால் விலையைத்தான் கேட்கிறார்கள்

"என் வெப்சைட்டில் பொருட்களை எடுத்த அறுபது படங்கள் இருக்கின்றன. பார்ப்பவர்கள் பாராட்டுகிறார்கள். அப்புறம் 'ஒரு படத்துக்கு எவ்வளவு?' என்கிறார்கள். சொன்னதும் பேச்சு நின்றுவிடுகிறது. கேஸ் ஸ்டடியாகப் போடு என்கிறார்கள் நண்பர்கள். அதில் என்ன எழுதுவது? விலையும் போடலாமா?"

முடிந்த படத்தை மட்டும் வைத்தால், வருபவரால் எண்ண முடிவது படங்களை மட்டும்தான். அதனால்தான் கேள்வியும் 'படத்துக்கு எவ்வளவு' என்று வருகிறது. அறுபதை எடுத்துவிட்டு மூன்று வேலைகளை, ஒவ்வொன்றும் எப்படி நடந்தது என்ற கதையோடு வையுங்கள். கேஸ் ஸ்டடி என்பது அதுதான். இனி எந்த மாதிரி வேலை வர வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அந்த மாதிரி மூன்று.

ஒன்றை எழுதிப் பார்ப்போம். சென்ட் விற்கும் ஒரு சிறு நிறுவனம்; 24 பாட்டில், ஒவ்வொன்றுக்கும் 3 படம், மொத்தம் 72 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பத்தியில் அவர்களுடைய தொல்லையை எழுதுங்கள். "தரமான படங்கள் தேவைப்பட்டன" என்பது யாருக்கும் பொருந்தும். "பழைய படங்களில் தங்க நிற லேபிள் வெளுத்துப்போய்ப் பெயரே படிக்க முடியவில்லை, ஒரே வரிசைப் பாட்டில்கள் ஆளுக்கொரு நிறத்தில் தெரிந்தன" என்று எழுதினால், அதே தொல்லை உள்ளவர் நின்று படிப்பார்.

அடுத்து, ஒரே ஒரு பாட்டிலைக் கிட்டத்தில் காட்டுங்கள். கேமராவிலிருந்து வந்தபடியே ஒரு படம், பக்கத்தில் முடிந்த படம், கீழே நான்கு வரி. கண்ணாடியில் அறையே தெரியும்: விளக்கு, கேமரா, உங்கள் சட்டை வரை. வெள்ளைப் பின்னணியில் விளிம்பு கரைந்துபோகும் என்பதால், இரு பக்கமும் ஃபிரேமுக்குச் சற்று வெளியே கறுப்பு அட்டை நிறுத்தினீர்கள். லேபிளுக்குச் சரியான வெளிச்சத்தில் உள்ளே இருக்கும் திரவம் மங்கிவிடும் என்பதால், விளிம்புக்கு ஒன்று, லேபிளுக்கு ஒன்று, திரவத்துக்கு ஒன்று என மூன்று முறை எடுத்துச் சேர்த்தீர்கள். இந்த நான்கு வரிதான் உங்கள் விலைக்கான காரணம்.

நேரத்தையும் சொல்லலாம். இந்த வேலையில் ஷூட்டிங் இரண்டு நாள், சுமார் 16 மணி. எடிட்டிங் படத்துக்கு 25 நிமிடம் என்றால் 72 படத்துக்கு 30 மணி. வாங்குபவர் மனதில் ஓடும் கணக்கு அந்த இரண்டு நாள் மட்டுமே. பெரிய பங்கு அவர் கண்ணில் படாதது. ஆனால் மணிக்கு இவ்வளவு என்று எழுதிவிடாதீர்கள். கை வேகமாக வேகமாக உங்கள் வருமானம் குறையும், பேரமும் மணிக்கணக்கில் நடக்கும்.

விலைக்கு வருவோம். போடுங்கள், ஆனால் அந்த வாடிக்கையாளரின் பில் தொகையைப் போடாதீர்கள். அது அவர் விஷயம். "இந்த அளவு வேலை இத்தனையிலிருந்து இத்தனைக்குள் வரும்" என்ற வரம்பு போதும். அதன் கீழே தொகை எதனால் ஏறும், எதனால் இறங்கும் என்று எழுதுங்கள். லைட்டிங் அமைப்பதில் பாதி நாள் போனது முதல் பாட்டிலுக்குத்தான். அதே வடிவத்தில் இன்னும் பத்து சேர்ந்தால், கூடும் செலவு முதல் பாட்டிலின் செலவைப் போல் பத்து மடங்காகாது. பளபளப்பில்லாத அட்டைப்பெட்டி என்றால் பெரும்பாலும் ஒரே எக்ஸ்போஷரில் முடியும், விலையும் இறங்கும். சொந்த வெப்சைட்டில் ஒரு வருடம் போடுவதற்கும் விளம்பரப் பலகையில் மூன்று வருடம் போடுவதற்கும் உரிமைத் தொகை வேறு. படத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு ஏன் ஒத்துவராது என்பது, இதைப் படிப்பவருக்கு நீங்கள் சொல்லாமலே புரியும்.

பலன் எழுதும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். "விற்பனை கூடியது" என்று எழுதாதீர்கள். அதே மாதம் அவர்கள் தள்ளுபடியும் கொடுத்திருக்கலாம். 'படத்தில் பார்த்த நிறம் இல்லை' என்று திரும்பி வந்த ஆர்டர்கள் குறைந்தனவா என்று கேளுங்கள். எண்ணி வைத்திருந்தால் தருவார்கள். இல்லையென்றால், 72 படமும் ஒரே உயரத்தில், ஒரே நிழலோடு, மறுபடி எடுக்காமல் கடையில் ஏறின என்பதே போதும், அது உண்மையாக இருந்தால்.

வெளியிடும் முன் வாடிக்கையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அவர்களுடைய பழைய படத்தை 'முன்பு' என்று போடும் ஆசை வரும். அது வேறொரு போட்டோகிராஃபரின் வேலை, உரிமையும் அவருடையதாக இருக்கலாம். உங்கள் சொந்த எடிட் செய்யாத படமே 'முன்பு' ஆகட்டும்.

எழுதி முடித்ததும் போட்டோகிராஃபி தெரியாத ஒருவரிடம் கொடுத்து, "பாட்டில் இரண்டு மடங்கானால் விலை இரண்டு மடங்காகுமா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால், லைட்டிங் பற்றிய பகுதியை மறுபடி எழுத வேண்டும்.