மொழிபெயர்ப்புக் கருவிக்குத் தேவையான ஒரு வரி

கேள்வி: என் மகள் ஏற்காட்டில் இருக்கும் பாட்டிக்கு ஆங்கிலத்தில் எழுதியதை ஏஐ கருவி மேடைத் தமிழாக்கிவிடுகிறது. பேச்சு மாதிரி வர என்ன செய்வது?

பதில்: ஆங்கில 'யூ' எல்லாருக்கும் பொது. தமிழ் வினையோ நீயா, நீங்களா என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். ஆள் யாரென்று தெரியாத கருவி பெரும்பாலும் 'நீங்கள் சாப்பிட்டீர்களா?' என்ற பாதுகாப்பான நடைக்குப் போய்விடும். செய்திக்கு மேலே இப்படி எழுதுங்கள்:

```
பேத்தி பாட்டிக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி. 'ஆயா', 'நீங்க' என்று கூப்பிடுவாள். சேலம் பக்கத்துப் பேச்சுத் தமிழ்.
```

இப்போது 'ஆயா, சாப்ட்டீங்களா?' என்று வர வாய்ப்பு அதிகம். கூப்பிடும் பெயரை அவசியம் சொல்லுங்கள். ஆயாவா, அம்மாயியா என்பதைக் கருவியால் ஊகிக்க முடியாது. நீளமான செய்தியில் கடைசி வரிகளைப் பாருங்கள், 'வாருங்கள்' திரும்ப எட்டிப்பார்க்கும். அப்புறம், உரையாடல் வகைக் கருவிக்குத்தான் இது சரி. வெறும் மொழிபெயர்ப்புப் பெட்டி குறிப்பையும் செய்தியாகவே எடுத்துக்கொள்ளும்.